எவ்வளவு நேரம் பேசினார், எந்த இடத்தில் மறிக்கப்பட்டார்?

(தில்லியில் நடைபெற்ற ஊடகப் பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தொலைக்காட்சி நேர்காணல் ஒன்று முடிந்ததும் நம்மிடையே வழக்கமாக எழும் பேச்சு இரண்டே வகை. "நம் தோழரைப் பேசவே விடவில்லை" என்பது ஒன்று. "அமைச்சருக்கு மட்டும் முழு நேரமும் கொடுத்தார்கள்" என்பது மற்றொன்று. இரண்டும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அதை எழுத்தில் எழுதி அலைவரிசைக்கு அனுப்பும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு நம்மிடம் விடை இருப்பதில்லை. எத்தனை விநாடி? எத்தனை முறை? எதைக் குறுக்கீடு என்று எண்ணினீர்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லும் வகையில் ஒரு காணொளியை அளப்பது எப்படி என்பதே இன்றைய வகுப்பின் பொருள்.

பேச்சு நேரத்தை அளப்பது புதிய எண்ணம் அன்று. பிரான்சு நாட்டில் அரசியல் கட்சிகளின் பேச்சு நேரத்தை விநாடிக் கணக்கில் குறித்து ஒழுங்காற்று அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டிய கடமை ஒலிபரப்பாளர்களுக்கு உண்டு. அங்கேயும் ஓர் ஓட்டை இருந்தது. கட்சியின் பெயரால் வருபவரின் நேரம் மட்டுமே கணக்கில் ஏறியது. கருத்தாளர், பத்திரிகையாளர் என்ற பெயரில் நாள்தோறும் அமர்ந்து ஒரு பக்கமாகவே பேசுபவரின் நேரம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், 2024 பிப்ரவரி 13 அன்று அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், பன்முகத்தன்மையை மதிப்பிடும்போது நிகழ்ச்சியில் பங்கேற்கும் அனைவரின் பேச்சையும் கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 'அரசியல் விமர்சகர்'களையும் 'சமூக ஆர்வலர்'களையும் அறிந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் 1998 முதல் அகில இந்திய வானொலியிலும் தூர்தர்ஷனிலும் தேர்தல் காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு நேரம் ஒதுக்கப்படுகிறது. அனைவருக்கும் சமமான அடிப்படை நேரம் ஒரு பங்கு. முந்தைய தேர்தலில் பெற்ற வாக்குகளைப் பொறுத்த கூடுதல் நேரம் மற்றொரு பங்கு. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 39அ பிரிவு சேர்ந்தது. கேபிள் தொலைக்காட்சி உள்ளிட்ட மின்னணு ஊடகங்களிலும் நேரத்தை நியாயமாகப் பகிர்வது பற்றி அது பேசுகிறது. நேரம் கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்ததாகாது என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 2024 மக்களவைத் தேர்தலின்போது தோழர் சீத்தாராம் யெச்சூரியின் உரையிலிருந்தும் பார்வர்ட் பிளாக் தோழர் தேவராஜனின் உரையிலிருந்தும் சில சொற்களை நீக்கும்படி அரசு ஒலிபரப்பு நிறுவனங்கள் கோரின. ஒதுக்கிய நிமிடங்கள் குறையவில்லை, சொற்கள் குறைந்தன. விநாடிக் கணக்கு ஒன்றே சமநிலைக்கு அளவுகோல் ஆகிவிடாது என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வோம்.

கடிகாரம் எதை அளக்கிறது?

அளவை முறை எளிது. ELAN என்றொரு இலவச மென்பொருள், நெதர்லாந்திலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கியது. காணொளியைத் திறந்தால் கீழே ஒலி அலையும் அதன்கீழ் நாம் போட்டுக்கொள்ளும் வரிசைகளும் தெரியும். நெறியாளருக்கு ஒரு வரிசை, விருந்தினருக்கு ஒரு வரிசை. ஒருவர் பேசத் தொடங்கும் இடத்திலிருந்து நிறுத்தும் இடம் வரை அவருடைய வரிசையில் ஒரு துண்டு குறிக்க வேண்டும். முடிவில் ஒவ்வொரு துண்டின் தொடக்கம், முடிவு, நீளம் ஆகியவற்றை அட்டவணையாக எடுத்துக்கொள்ளலாம். இருபது நிமிடக் காணொளியைப் பழகிய கை குறிப்பதற்கே சில மணி நேரம் ஆகும். விரைந்து செய்தால் பிழைக்கும்.

குறிக்கத் தொடங்குமுன் மூன்று முடிவுகளை எழுதி வைத்துவிட வேண்டும். ஒருவர் மூச்சு விடுவதற்காக நிறுத்தும் இடைவெளியை அவர் நேரத்தில் சேர்ப்பதா? இருவரும் ஒரே சமயத்தில் பேசும் நேரத்தை யாருக்குச் சேர்ப்பது? விளம்பரம், முன்பதிவு செய்த காட்சித் துணுக்கு, நெறியாளரின் முன்னுரை ஆகியவை கணக்கில் வருமா? எந்த முடிவை எடுத்தாலும் குற்றமில்லை. இரு நேர்காணல்களுக்கும் அதே முடிவு பொருந்த வேண்டும். அமைச்சரின் பேட்டியில் மூச்சு நேரத்தைச் சேர்த்து, சங்கத் தலைவரின் பேட்டியில் விட்டுவிட்டால் அந்தக் கணக்கு நம்மையே திருப்பி அடிக்கும்.

ஒலியைக் கேட்டுப் பேசுபவரைத் தானே பிரித்துத் தரும் மென்பொருள்களும் இன்று உள்ளன. பிரான்சின் தேசிய ஒலி-ஒளி ஆவணக் காப்பகம் அப்படியொரு கருவியைக் கொண்டு 7 லட்சம் மணி நேர ஒலிபரப்பில் பெண் குரலுக்குக் கிடைத்த பங்கை அளந்து 2019இல் வெளியிட்டது; அந்தப் பங்கு பாதியை எட்டவில்லை. லட்சக்கணக்கான மணி நேரங்களை இப்படித்தான் அளக்க முடியும். ஆனால் இருவர் குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில்தான் இத்தகைய கருவிகள் மிகுதியாகத் தடுமாறுகின்றன. நமக்கு வேண்டியதோ அந்த இடமே. ஒற்றை நேர்காணலுக்குக் காதும் கையும் போதும்.

தாட்சர் ஏன் அடிக்கடி மறிக்கப்பட்டார்?

நேரம் எளிது, குறுக்கீடு கடினம். இதை விளக்க நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஆராய்ச்சி ஒன்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். 1979 ஏப்ரலில், பிரிட்டனின் பொதுத்தேர்தலுக்கு முன்பு, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மார்கரெட் தாட்சரை டெனிஸ் டூகி என்பவர் தொலைக்காட்சிக்காகப் பேட்டி கண்டார். தாட்சர் பல முறை மறிக்கப்பட்டார். ஜெஃப்ரி பீட்டி என்ற உளவியலாளர் இந்தப் பேட்டியை எடுத்துக்கொண்டு, ஆன் கட்லர், மார்க் பியர்சன் ஆகிய இருவருடன் சேர்ந்து 1982இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார். தாட்சர் ஏன் இவ்வளவு அடிக்கடி மறிக்கப்படுகிறார் என்பதே அதன் தலைப்புக் கேள்வி.

அவர்கள் செய்தது எளிமையானது, அழகானது. பேட்டியிலிருந்து தாட்சரின் கூற்றுகளைத் துண்டுகளாக வெட்டினார்கள். சில துண்டுகள் அவர் உண்மையாகவே பேசி முடித்த இடங்கள். சில, அவர் தொடர்ந்து பேசிக்கொண்டே போன இடங்கள். மற்றவை, பேட்டியாளர் மறித்த இடங்கள். இவற்றை, அடுத்து என்ன நடந்தது என்று தெரியாதவர்களிடம் காட்டி, "இவர் பேசி முடித்துவிட்டாரா?" என்று மட்டும் கேட்டார்கள். மறிக்கப்பட்ட இடங்கள் பலவற்றில், அவர் முடித்துவிட்டார் என்றே கேட்டவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். வாக்கியத்தின் நடுவிலேயே தாட்சரின் குரல் சட்டென்று கீழே இறங்கியது. பேச்சை முடிப்பவரின் குரல் இறங்குவது போலவே அது இருந்தது. பேட்டியாளர் தம் முறை வந்ததாக எண்ணி வாய் திறந்தார். தாட்சரோ முடிக்கவில்லை.

ஆக, பார்ப்பவர் கண்ணுக்கு ஆதிக்கமாகத் தெரிந்த மறிப்புகளில் ஒரு பகுதி, குறிப்பைத் தவறாகப் படித்ததன் விளைவு. இதனால் ஆதிக்கக் குறுக்கீடே இல்லை என்று ஆகிவிடாது. எண்ணும்போது இரண்டையும் ஒரே கூடையில் போடக் கூடாது என்பதே இதன் பாடம்.

தாட்சரைப் பற்றியே இன்னொரு செய்தியும் உண்டு. பீட்டர் புல், கேட் மேயர் ஆகிய இருவர் 1987 தேர்தல் காலத்துப் பேட்டிகள் எட்டை எடுத்து, தாட்சரையும் தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக்கையும் ஒப்பிட்டு 1988இல் எழுதினார்கள். மறிக்கப்பட்ட அளவில் இருவருக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. "என்னைப் பேச விடுங்கள்", "முடிக்க விடுங்கள்" என்று தாட்சர் மீண்டும் மீண்டும் முறையிட்டார். அந்த முறையீடே, அவர் மற்றவரைவிட அதிகமாக மறிக்கப்படுகிறார் என்ற எண்ணத்தைப் பார்ப்பவர் மனத்தில் விதைத்தது. எனவே முறையீட்டை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வதும் பிழை. நம் தோழர்களும் இந்தப் பிழையைச் செய்வதுண்டு.

மூன்று கேள்விகள்

பீட்டி தம் ஆய்வுகளில் பயன்படுத்திய வகைப்பாடு இன்றும் கைக்கு உதவுவது. ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறந்தால் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது, வாய் திறந்தவருக்குப் பேச்சு முறை கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால் அது வெறும் மறிப்பு முயற்சி; தனியாகக் குறிக்கலாம். கிடைத்தது என்றால் இரண்டாவது கேள்வி: இருவர் குரலும் ஒரே நேரத்தில் ஒலித்ததா? மூன்றாவது: முன்னவர் தம் கூற்றை முடித்தாரா? குரல்கள் மோதினாலும் முன்னவர் முடித்துவிட்டிருந்தால் அது மேற்படிவு. வாக்கியத்தின் வால் பகுதியில் நிகழும் இயல்பான உரசல். குரல்கள் மோதி, முன்னவர் முடிக்கவும் இல்லை என்றால் அதுவே குறுக்கீடு. குரல்கள் மோதவே இல்லை, ஆனாலும் முன்னவர் வாக்கியம் தொங்கலில் நின்றது என்றால் அது ஓசையற்ற குறுக்கீடு. ஒரு நொடி தயங்கிய இடத்தில் நெறியாளர் புகுந்துவிட்டார். ஓசையில் எதுவும் மோதாததால் இந்தக் கடைசி வகை பெரும்பாலும் கணக்கில் தப்பிவிடுகிறது.

'முடித்தாரா' என்ற மூன்றாம் கேள்விக்குத் தமிழ் படித்தவர்களிடம் நல்ல கருவி உள்ளது. முற்று, எச்சம் என்ற பழைய இலக்கணப் பாகுபாடுதான் அது. "விவசாயிக்கு நியாய விலை கிடைத்தால்" என்ற இடத்தில் மறித்தால் அது எச்சத்தில் மறித்தது. கூற்று முடியவில்லை என்பதில் ஐயமே இல்லை. "கிடைக்கவில்லை" என்ற முற்றுக்குப்பின் புகுந்தால் பெரும்பாலும் அது மேற்படிவுதான். வினை இறுதியில் வரும் மொழிகளில், அதிலும் மறுப்பு வினையோடு ஒட்டி இறுதியில் வரும் தமிழ் போன்ற மொழிகளில், அரை நொடி முந்தி மறிப்பது பொருளையே தலைகீழாக்கிவிடும். "இந்தச் சட்டத்தை எங்கள் சங்கம் ஆதரிக்க" என்ற இடத்தில் ஒலி அறுந்தால், 'வில்லை' என்ற பகுதி யார் காதிலும் விழாது. இந்தியில் 'நஹீன்' வினைக்கு முன்பே வந்துவிடுவதால் இந்த ஆபத்து சற்றுக் குறைவு. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது நாள்தோறும் கண்கூடு.

இலக்கண முற்று மட்டும் போதாது என்பதும் உண்மை. "அது எங்கள் கோரிக்கை இல்லை" என்று முடித்த வேகத்திலேயே "ஏனென்றால்" என்று தொடர்பவர் உண்டு. தாட்சரின் பேட்டி காட்டியதுபோல, குரல் இறங்கியதா, கையசைவு நின்றதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒலியை மட்டும் வைத்து ஒரு முறை, காட்சியோடு ஒரு முறை என இரு தடவை குறிப்பது நல்லது.

நெறியாளரின் "ம்", "சரி", "ஆமாம்", இந்தியில் "ஜி", "அச்சா" ஆகியவை குறுக்கீடு அல்ல, கேட்டுக்கொண்டிருப்பதற்கான அடையாளம். இவற்றைத் தனி வரிசையில் குறித்துவிட வேண்டும். "சரி, சரி, சரி" என்று மும்முறை விரைந்து சொல்வது மட்டும் வேறு சங்கதி. அது அடையாளம் அல்ல, வாயை மூடு என்பதன் நாகரிக வடிவம்.

தொலைவில் இருப்பவரின் தாமதம்

இந்திய அலைவரிசைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நெறியாளரும் அமைச்சரும் தில்லி அரங்கில் எதிரெதிரே அமர்ந்திருப்பார்கள். சங்கத் தலைவர் வேறொரு நகரிலிருந்து, ஒளிபரப்பு ஊர்தி வழியாகவோ கைபேசி இணையம் வழியாகவோ இணைந்திருப்பார். புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. சமிக்ஞை மேலே போய்க் கீழே வர ஏறத்தாழ 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்திலும் அதற்குக் கால் நொடி ஆகும். கேள்வி போய்ச் சேரக் கால் நொடி, விடை திரும்பி வரக் கால் நொடி, ஆக அரை நொடி. ஒலியைச் சுருக்கி விரிக்கும் கருவிகளின் தாமதம் இதற்கு மேல்.

உலகின் பல மொழிகளில் அளந்து பார்த்ததில், ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 0.2 நொடி அளவுக்கே இருக்கிறது. அரங்கில் இருப்பவருக்கு அந்த 0.2 நொடி போதும். தொலைவில் இருப்பவரின் விடை, அவர் எவ்வளவு விரைவாகப் பேசினாலும், அரை நொடிக்கும் மேலான மௌனத்துக்குப் பின்பே அரங்கை அடையும். பார்ப்பவருக்கு அவர் திணறுவதாகத் தோன்றும். நெறியாளர் அந்த மௌனத்தில் இன்னொரு கேள்வியைப் போடுவார், அதே நேரத்தில் முதல் கேள்விக்கான விடை வந்து சேரும், இரண்டும் மோதும். இது தொழில்நுட்பத்தின் மறிப்பு. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விருந்தினர் விடை தொடங்க எடுத்துக்கொள்ளும் இடைவெளிகளைக் குறித்துப் பார்த்தால், எல்லாமே ஏறத்தாழ ஒரே நீளத்துக்கு இழுத்துக் கிடக்கும். தயக்கம் என்றால் சில இடத்தில் நீளும், சில இடத்தில் குறையும்.

தொலைவில் இருப்பவரின் ஒலியை அரங்கிலிருந்து குறைத்துவிடும் வழக்கமும் உண்டு. உதடு அசையும், குரல் வராது. ஒலி அலையில் அங்கே குறுக்கீடே தெரியாது. காட்சியைப் பார்த்து உதடு அசையும் நேரத்தைத் தனி வரிசையில் குறிப்பது ஒன்றே வழி. நெறியாளரின் வாய்க்குறுக்கீட்டைவிட இது கொடியது. திரையில் வேறு காட்சியைக் காட்டிவிட்டால் அதையும் குறிக்க முடியாது.

ஒரு கணக்கு

முறையை விளக்குவதற்காக அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு ஒன்று. எந்த அலைவரிசையின் உண்மைப் பதிவும் அன்று. ஒரே நெறியாளர், ஒரே பொருள், அதாவது குறைந்தபட்ச ஆதரவு விலை. முதல் நாள் விவசாய சங்கத் தலைவர் தொலைவிலிருந்து. மறுநாள் அமைச்சர் அரங்கில். விளம்பரமும் துணுக்குகளும் நீக்கியபின் இரண்டும் 1,070 விநாடி.

சங்கத் தலைவரின் பேட்டியில் நெறியாளர் தனியாகப் பேசியது 380 விநாடி, தலைவர் தனியாகப் பேசியது 560, இருவரும் சேர்ந்து ஒலித்தது 70, மௌனம் 60. சேர்ந்து ஒலித்ததை இருவருக்கும் சேர்த்தால் நெறியாளருக்கு 450, தலைவருக்கு 630. பேச்சில் தலைவரின் பங்கு 58 விழுக்காடு. அமைச்சரின் பேட்டியில் நெறியாளர் தனியாக 250, அமைச்சர் தனியாக 720, சேர்ந்து 20, மௌனம் 80. அமைச்சருக்கு 740 விநாடி. பங்கு 73 விழுக்காடு. இதோடு நிறுத்தினால் அலைவரிசை எளிதாகத் தப்பிக்கும்: "இருவருமே நெறியாளரைவிட அதிகம் பேசியிருக்கிறார்களே!"

அடுத்து, ஒரு முறைக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். தலைவருக்கு 630 விநாடி 42 முறைகளாகச் சிதறிக் கிடக்கிறது. சராசரி 15 விநாடி. அமைச்சரின் 740 விநாடி 20 முறைகளில். சராசரி 37 விநாடி. ஆதரவு விலைக்கும் கொள்முதலுக்கும் உள்ள தொடர்பைப் பதினைந்து விநாடியில் யாராலும் விளக்க முடியாது. மொத்த நேரம் மறைத்ததை இந்தச் சராசரி வெளிக்கொணர்கிறது.

இனிக் குறுக்கீடு. தலைவர் பேசும்போது நெறியாளர் வாய் திறந்தது 38 முறை. அமைச்சரின்போது 14 முறை. இந்த 38க்கு 14 என்ற எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் வழக்கமான பிழை. வகைப்படுத்தினால், 38இல் 9 வெறும் 'ம்', 'சரி'. 8 மேற்படிவு. 5 தாமதத்தால் நேர்ந்த மோதல். மீதி 16 குறுக்கீடு. அமைச்சரின் 14இல் 7 'ம்', 'சரி', 4 மேற்படிவு, மீதி 3 குறுக்கீடு. தலைவர் அதிக நேரம் பேசியிருந்தால் அதிகம் மறிக்கப்பட வாய்ப்பு இருந்திருக்கும் என்று வாதிட இடம் தராமல், விருந்தினர் பேசிய ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று வகுக்க வேண்டும். தலைவருக்கு 10.5 நிமிடத்தில் 16, அதாவது நிமிடத்துக்கு 1.5. அமைச்சருக்கு 12.3 நிமிடத்தில் 3, நிமிடத்துக்குக் கால் அளவு. நமக்குச் சாதகமாகத் தோன்றிய 22 நிகழ்வுகளைக் கணக்கிலிருந்து நாமே நீக்கினோம். ஆனாலும் இடைவெளி ஏறத்தாழ மூன்று மடங்கிலிருந்து ஆறு மடங்காக விரிந்துவிட்டது. நேர்மையான எண்ணிக்கை எப்போதும் நமக்குச் சாதகமாகவே முடியும் என்று இதற்குப் பொருள் அல்ல. வேறொரு பேட்டியில் தலைகீழாகவும் ஆகலாம். அப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வகைப்பாட்டை ஒருவரே செய்தால் யாரும் நம்ப வேண்டியதில்லை. இரு தோழர்கள் தனித்தனியே, கலந்து பேசாமல் செய்ய வேண்டும். 52 நிகழ்வுகளில் இருவரும் குறுக்கீடு என்று சொன்னவை 17, இருவரும் இல்லை என்றவை 27, மாறுபட்டவை 8 என்று வைத்துக்கொள்வோம். உடன்பாடு 85 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் தற்செயலாகப் பாதி அளவு ஒத்துப்போயிருக்கும். அந்தத் தற்செயலைக் கழித்துப் பார்க்கும் அளவைக்குக் கோஹனின் காப்பா என்று பெயர். மாறுபட்ட எட்டில் ஐந்தை முதல் தோழரும் மூன்றை இரண்டாம் தோழரும் குறுக்கீடு என்று குறித்திருந்தால் அது 0.68 வரும். ஒன்று என்றால் முழு உடன்பாடு, சுழி என்றால் வெறும் தற்செயல். 0.68 மோசமில்லை, மிக நன்று என்றும் சொல்ல முடியாது. மாறுபட்ட எட்டையும் இருவரும் சேர்ந்து மீண்டும் கேட்டு, இரண்டைக் குறுக்கீடு என்று முடிவு செய்ததால்தான் மேலே சொன்ன 19 என்ற மொத்தம் கிடைத்தது.

இவ்வளவும் செய்தபின் மிச்சமிருப்பது எந்திரமும் அட்டவணையும் சொல்லாத ஒன்று: எதற்காக மறித்தார்? 1997 மே 13 அன்று பிபிசியில் ஜெரமி பாக்ஸ்மன், முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியைப் பன்னிரண்டு முறை கேட்டார். சிறைத்துறை அதிகாரியை மீறி ஆணையிடப்போவதாக அச்சுறுத்தினீர்களா என்பது கேள்வி. ஹோவர்ட் நேராக விடை சொல்லவில்லை. அடுத்த நிகழ்ச்சித் துணுக்கு தயாராகாததால்தான் விடாமல் கேட்டதாகப் பாக்ஸ்மன் பின்னாளில் சொன்னது வேறு கதை. விடையைத் தவிர்ப்பவரை மறிப்பது செய்தியாளரின் கடமை. எனவே ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் எதிரே, விருந்தினர் அப்போது கேட்ட கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தாரா என்று ஒரு குறி இட வேண்டும். நம் எடுத்துக்காட்டில், 16இல் 4 இடத்தில் சங்கத் தலைவர் கேள்வியைச் சுற்றிப் போயிருந்தார் என்றால் அந்த நான்கையும் ஒப்புக்கொள்வோம். மீதிப் பன்னிரண்டும் அவர் கொள்முதல் புள்ளிவிவரத்தைச் சொல்லத் தொடங்கிய இடங்களில் விழுந்திருந்தால், அதுவே நம் புகாரின் உயிர்.

பார்ப்பவர் நின்றாரா, போனாரா?

"குறுக்கீடு இருந்தால்தான் மக்கள் பார்க்கிறார்கள்" என்பது அலைவரிசைகளின் வழக்கமான பதில். இதில் அரை உண்மை உண்டு. டயானா மட்ஸ், பைரன் ரீவ்ஸ் ஆகியோர் நடிகர்களைக் கொண்டு ஒரே அரசியல் விவாதத்தை இரு வடிவில் படமாக்கினார்கள். ஒன்றில் நாகரிகமான பேச்சு. மற்றதில் குறுக்கீடு, ஏளனம், கண்ணை உருட்டல். கருத்துகள் ஒன்றே. 2005இல் வெளியான இந்த ஆய்வில், நாகரிகமற்ற வடிவம் பார்ப்பவரை அதிகம் கிளர்ச்சியடையச் செய்தது. கூடவே அரசியல்வாதிகள் மீதும் அரசியல் அமைப்புகள் மீதும் அவர்கள் கொண்ட நம்பிக்கையைக் குறைத்தது. கண் நிலைத்தது, நம்பிக்கை கழன்றது. யாருடைய நம்பிக்கை கழன்றால் யாருக்கு ஆதாயம் என்பது வேறு வகுப்புக்கான பொருள்.

நம் சொந்த யூடியூப் அலைவரிசைக் காணொளிகளுக்கு ஒரு வசதி உண்டு. அதன் நிர்வாகப் பக்கத்தில், ஒவ்வொரு கணத்திலும் எத்தனை விழுக்காட்டினர் பார்த்தார்கள் என்பதைக் காட்டும் கோடு ஒன்று கிடைக்கும். முதல் அரை நிமிடத்தில் அது சரிந்து விழும். எல்லாக் காணொளிகளிலும் அப்படித்தான். அதற்கு நெறியாளர் காரணமல்ல. பின்னர் மெல்ல இறங்கும். இடையிடையே மேடு எழும். குறுக்கீட்டு நேரங்களை அந்தக் கோட்டின்மேல் பொருத்திப் பார்த்து, மேடும் குறுக்கீடும் ஒரே இடத்தில் இருப்பதைக் கண்டதும் "சண்டையை விரும்புகிறார்கள்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். மேடு என்பது மீண்டும் பார்த்தவர்களையும் சேர்த்து எண்ணியது. இரு குரல் மோதி எதுவும் புரியாமல் போனதால் பின்னுக்கு இழுத்து மறுபடி கேட்டவரும் அதில் இருக்கிறார். அந்த இடத்தின் துண்டு யாராலோ பகிரப்பட்டு, நேராக அங்கே வந்து இறங்கியவரும் இருக்கிறார்.

பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. மேடு மோதலுக்குச் சற்று முன்பே தொடங்கி, மோதல் முடிந்த உடனே இறங்கினால், புரியாமல் திரும்பக் கேட்டவர்கள் என்று கொள்ளலாம். மோதலுக்குப்பின் வரும் தெளிவான விடையின்மீது மேடு நீடித்தால், அவர்கள் நின்றது விடைக்காக. மோதலின் முதல் நொடியிலேயே செங்குத்தாக எழுந்தால், எங்காவது அந்த நொடிக்கான இணைப்பு பகிரப்பட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். ஒரே காணொளியில் இதைச் சொல்லிவிட முடியாது. அதே நெறியாளர், ஏறத்தாழ அதே நீளம், பத்துக் காணொளிகளாவது சேர்ந்தபின்பே கோட்டைப் பேச விட வேண்டும். பிறருடைய அலைவரிசையின் கோடு நமக்கு முழுமையாகக் கிடைக்காது என்பதால், அவர்களுடைய பார்வையாளர் பற்றி இந்த வழியில் எதையும் அறுதியிட்டுக் கூற இயலாது.

புகார் அனுப்பும்போது ஒரு செய்தி. 2021இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி புகார் முதலில் ஒலிபரப்பாளருக்கே போக வேண்டும். 15 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் அவர்களுடைய தன்னொழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு. கடிதத்தில் விழுக்காடுகளை இரண்டு வரிக்கு மேல் எழுத வேண்டாம். பன்னிரண்டு குறுக்கீடுகளையும் நிமிடம், விநாடியோடு வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அறுபட்ட வாக்கியத்தை அறுபட்ட இடம் வரை அப்படியே எழுத வேண்டும். 'ஆதரிக்க' என்று நின்ற இடத்தில் 'வில்லை' என்பதை நாம் சேர்த்து எழுதிவிடக் கூடாது.